ஒட்டவைத்த முகத்தைக் காட்டிக்கொடுக்கும் கன்னம்

"கல்யாணப் படத்தில் சித்தப்பா முகத்தை எடுத்துவிட்டு, மறைந்த அப்பாவின் முகத்தை வைத்தேன். நிறம் பொருந்துகிறது, விளிம்பும் தெரியவில்லை. ஆனாலும் ஒட்டவைத்த மாதிரியே இருக்கிறதே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

படங்களை வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் பழைய படத்தில் ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது. மண்டபத்திலோ வீடியோக்காரரின் விளக்கு வலப்பக்கம்.

ஒரு பரப்பு விளக்கை நேராகப் பார்த்தால் முழு வெளிச்சமும் அதன்மேல் விழும். 60 பாகை திரும்பிவிட்டால் பாதிதான். பள்ளியில் மனப்பாடம் செய்த கோசைன்தான் இது. முகத்தில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு திசையைப் பார்ப்பதால், எங்கே வெளிச்சம் மங்குகிறது என்பதை வைத்தே தட்டையான படத்திலும் கன்னத்தின் வளைவை நம் மூளை ஊகித்துவிடுகிறது. எனக்கு இதில் அலுக்காத விஷயம், இந்தக் கணக்கை நாம் போடுவது நமக்கே தெரியாது என்பதுதான். கழுத்தும் சட்டையும் வலப்பக்க விளக்கைச் சொல்ல, கன்னம் இடப்பக்கத்தைச் சொன்னால், ஏதோ சரியில்லை என்று மட்டும் படும்.

நிறப் பொருத்தம் முகத்தின் சராசரியைத்தான் நகர்த்தும். விளிம்பைக் கரைக்கும் கருவிகளும் உள்ளேயிருக்கும் ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிடும். விளிம்பில் மணிக்கணக்கில் உழைப்பது வீண் என்பது என் கட்சி.

சுலபமான வழி, முகத்தை இடவலமாகத் திருப்பிவிடுவது. ஆனால் வகிடும் மச்சமும் பக்கம் மாறிவிடும். கூடவே வாழ்ந்த அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

சரியான வழி, பழைய வெளிச்சத்தால் வகுத்துப் புதியதால் பெருக்குவது. இரண்டு விளக்குகளும் நேர்முகத்திலிருந்து 45 பாகை தள்ளி இருப்பதாகவும், சுற்றுப்புற வெளிச்சம் 0.3 என்றும் கொள்வோம். 30 பாகை இடப்பக்கம் திரும்பிய கன்னத்துக்குப் பழைய விளக்கு 15 பாகையில் இருந்தது, அளவு 0.97 + 0.3 = 1.27. புதியது 75 பாகையில், 0.26 + 0.3 = 0.56. ஆக அந்த இடத்தை 0.44ஆல் பெருக்க வேண்டும். மறுகன்னத்தை ஏறத்தாழ 2.3 மடங்கு கூட்ட வேண்டும். இருட்டில் ஒளிந்திருந்த புள்ளிப்புள்ளியான இரைச்சலும் அதோடு எழுந்து வரும்.

பலர் வழுக்குவது அடுத்த இடத்தில். கோப்பிலிருக்கும் எண் வெளிச்சத்தின் நேரடி அளவு அல்ல. 200 என்ற புள்ளியை அப்படியே பெருக்கினால் 88 வரும், கன்னம் கரியாகிவிடும். நேரியல் அளவுக்கு மாற்றிப் பெருக்கித் திரும்ப மாற்றினால் சுமார் 138. கணக்கு வேண்டாம் என்பவர்கள் 50% சாம்பல் நிற லேயரை Soft Light முறையில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு கன்னத்தை இருட்டாக்கி மற்றதை வெளுக்கலாம்.

மூக்கின் நிழலுக்கு இந்தக் கோசைன் உதவாது. பழைய நிழலைப் பக்கத்துத் தோலால் மூடி, புதியதை இடப்பக்கம் கையால்தான் வரைய வேண்டும். கண்மணியில் மின்னும் வெள்ளைப் புள்ளியும் அப்படியே: பழையதை அழித்துவிட்டு, சித்தப்பாவின் கண்ணில் எங்கே இருந்ததோ அங்கே வைக்க வேண்டும்.