ஆண்மைக்குறைவு என்று சொல்லாதீர்கள்: விறைப்பு வேறு, வேட்கை வேறு

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், எங்கள் பெரியப்பா மகன் 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதில் 8 நாள் ஐசியூ. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தது எல்லோருக்கும் போதுமாக இருந்தது. செப்டம்பரில் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி, கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, "தம்பி, எனக்கு ஆண்மை போயிடுச்சுடா" என்றார். எனக்குத் தொழில் மருத்துவமனைக் கையேடுகளைத் தமிழில் எழுதிக்கொடுப்பது, அதனால்தான் என்னிடம் சொன்னார். நான் முதலில் கேட்டது, "போனது ஆசையா அண்ணே, இல்லை ஆசை இருந்தும் எழும்பலையா?" அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாலு மாதமாக அவர் மனசில் இருந்தது ஒரே ஒரு சொல்தான், அந்தச் சொல்லுக்குள் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன.

ஆண்மை என்பது இன்றைக்கு நாம் படுக்கையறையோடு முடிச்சுப்போட்டுவிட்ட சொல். பழைய தமிழில் அது ஆளும் தன்மை, ஒன்றை ஏற்று நடத்தும் திறம். தாளாண்மை, வேளாண்மை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். வள்ளுவர் பேராண்மை என்று எதைச் சொல்கிறார் என்று பாருங்கள்: பிறன் மனைவியை நோக்காமல் இருப்பதை. அப்படிப்பட்ட சொல்லைப் பிடித்து "குறைவு" என்று ஒட்டினால், நோய்வாய்ப்பட்ட மனிதனுக்கு அது ரத்தக்குழாயைப் பற்றிய சேதியாகக் கேட்காது, அவனே குறைந்துபோனதாகத்தான் கேட்கும். ஆங்கிலத்திலும் இதே தொல்லை இருந்தது. இம்பொட்டன்ஸ் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு வலுவின்மை, சக்தியின்மை என்று பொருள். 1992 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு, அந்தச் சொல் இழிவாகவும் குழப்பமாகவும் இருக்கிறது என்று சொல்லி, இரெக்டைல் டிஸ்ஃபங்ஷன் என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. முப்பது வருஷம் தாண்டியும் நம் சுவரொட்டிகளில் இன்னும் ஆண்மைக்குறைவுதான்.

இதற்குச் சரியான தமிழ் விறைப்புக் குறைபாடு. விறைத்தல் என்றால் விறைப்பாவது, வளையாமல் நிற்பது. பனியில் கை விறைத்துப்போனது என்கிறோம், அணிவகுப்பில் விறைப்பாக நிற்கிறார்கள் என்கிறோம். எழுத்தில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். வல்லின றகரம் போட்டால்தான் இந்தப் பொருள். இடையின ரகரம் போட்டு 'விரை' என்று எழுதினால் அது விதை, விதைப்பை, விரைவீக்கம் என்று வேறு உறுப்புக்குப் போய்விடும். நோயாளிக் கையேடுகளில்கூட 'விரைப்பு' என்று பார்த்திருக்கிறேன். இலங்கைத் தமிழருக்கு எழுதும்போது இன்னொரு கவனமும் வேண்டும். அங்கே விறைப்பு என்றால் பெரும்பாலும் மரத்துப்போவது, பல் பிடுங்கும் முன் போடுவது விறைப்பு ஊசி. அதனால் அவர்களுக்கு 'ஆணுறுப்பு விறைப்பு' என்று முழுதாக எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு பாதி, ஆசை. டாக்டர்கள் லிபிடோ என்பார்கள். அது லத்தீனில் விருப்பம், இச்சை என்ற பொருளுள்ள சாதாரணச் சொல், உளவியலார் கையில் போய்க் கனத்துவிட்டது. தமிழில் நமக்கு வேட்கை இருக்கிறது. தொல்காப்பியம் களவொழுக்கத்தின் நிலைகளை அடுக்கும்போது முதலில் வைப்பதே வேட்கையைத்தான். நீர்வேட்கை என்றால் தாகம். தாகத்தோடு ஒப்பிட்டால் இந்த வியாதி நன்றாகப் புரியும்: தாகம் எடுக்காமல் இருப்பது ஒன்று, தாகம் எடுத்தும் தண்ணீர் தொண்டையில் இறங்காமல் இருப்பது வேறொன்று. முதலாவது வேட்கைக் குறைவு, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும். இரண்டாவது விறைப்புக் குறைபாடு.

சரி, பெரிய காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன? உயிருக்கே ஆபத்தான நோய் வந்தால் உடம்பு செலவைச் சுருக்கும், முதலில் நிறுத்துவது இனப்பெருக்க வேலையை. மூளையிலிருந்து விதைப்பைக்குப் போகும் கட்டளை குறைகிறது, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சரிகிறது, அதோடு வேட்கையும் இறங்குகிறது. கொரோனா என்றில்லை, கடுமையான எந்த நோயிலும் இது நடக்கும். உடம்பு தேறத் தேறப் பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ அளவு தானாக ஏறும். அதனால்தான் படுக்கையில் கிடக்கும்போதோ டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமோ இந்த ஹார்மோனைச் சோதித்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

விறைப்பின் கதை வேறு. ஆசை வந்ததும் நரம்பு சேதி சொல்ல, ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது, குழாய் தளர்கிறது, ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. கொரோனா கிருமி தாக்கும் இடங்களில் இந்த உள்சுவரும் ஒன்று. 2021-இல் மயாமி பல்கலைக்கழக மருத்துவர்கள், முன்பு கொரோனா வந்து போன இரண்டு ஆண்களின் ஆணுறுப்புத் திசுவில் கிருமியின் துகள்களைப் பார்த்ததாக எழுதினார்கள். இரண்டே பேர்தான், அதை வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் உள்சுவர் சேதம் என்ற விளக்கத்தோடு அது பொருந்தி வருகிறது. ஆணுறுப்பின் தமனிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்தமனிகள் அதைவிடப் பெரியவை, ஆகவே உள்சுவர் கெட்டால் முதலில் சிணுங்குவது சிறிய குழாய். ஐம்பதை ஒட்டியவர்களுக்கு விறைப்புக் குறைந்தால் டாக்டர் நெஞ்சையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

மூன்றாவது ஒன்று உண்டு, அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ஐசியூவிலிருந்து மீண்டவர்களுக்கு நீடிக்கும் உடல், மன, நினைவுத் தொல்லைகளுக்கு 2012 முதல் மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. நான் தமிழில் 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய கூட்டுக்குறி' என்று எழுதுவேன். அண்ணன் ஒருநாள் சொன்னார்: மூச்சு கொஞ்சம் வேகமானாலே அந்த ஆக்சிஜன் மாஸ்க்கும் பக்கத்துக் கட்டிலின் பீப் சத்தமும் வந்துவிடுகிறது என்று. நெருங்கும்போது மூச்சு வேகமாகத்தானே செய்யும்? அண்ணியோ அவர் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டி மாட்டியே நாலு மாதம் கழித்திருந்தார். கட்டிலில் ஒரு நோயாளியும் ஒரு நர்ஸும் படுத்திருந்தார்கள்.

இடையில் அவர் ஒரு தப்பு செய்தார். பஸ் ஸ்டாண்ட் சுவரில் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் போனார். அங்கே கிடைத்த பெயர் 'நரம்புத் தளர்ச்சி'. 1869-இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய நியூரஸ்தீனியா என்ற பெயருக்கும் நரம்பின் வலுவின்மை என்றுதான் பொருள். களைப்பு, கவலை, தூக்கமின்மை, ஆசைக்குறைவு எல்லாவற்றையும் அந்த ஒரே மூட்டையில் கட்டினார்கள். இன்றைய மருத்துவம் அந்தப் பெயரைக் கிட்டத்தட்ட கைவிட்டுவிட்டது. எந்த நரம்பு, எவ்வளவு தளர்ந்தது என்று லாட்ஜில் யாரும் சோதிக்கவில்லை. ஆறாயிரம் ரூபாய்க்கு லேகியம், பெயர் ஒட்டாத மாத்திரை. அந்த மாதிரி மாத்திரைகளில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் என்ற மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதைத் தெரியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிரே போகலாம்.

அப்புறம்தான் ஒழுங்கான டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட முதல் கேள்விகள் மூன்று. எது முதலில் போனது, ஆசையா விறைப்பா? காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? தூக்கத்தில் ஆணுக்கு இரவில் பல தடவை தானாக விறைக்கும், அது ஆசையைக் கேட்டு வருவதில்லை. அது ஒழுங்காக இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, சிக்கல் மனத்தில் என்று பொருள். அண்ணனுக்குக் காலையிலும் அரிதாகத்தான் இருந்தது. மருந்துச் சீட்டில் இரண்டு சந்தேகம்: படபடப்புக்கு மெட்டோப்ரோலால், பதற்றத்துக்கு எஸ்சிட்டலோப்ராம். முன்னது சிலருக்கு விறைப்பைக் குறைக்கும், பின்னது வேட்கையைக் குறைத்து உச்சத்தையும் தாமதிக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் இவற்றைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் இரண்டுமே வேறு ஆபத்து கொண்டுவரும், டாக்டர் சொல்லி மெல்லத்தான் மாற்ற வேண்டும்.

ரத்தச் சோதனை காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், ஏனென்றால் டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சம். ஒரே தடவை எடுத்ததை நம்பாமல் வேறொரு நாளும் எடுத்தார்கள். 238, பத்து நாள் கழித்து 251. பொதுவாக 300-க்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறார்கள், டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.1 சதவீதம். ஸ்டெராய்டு போட்டபோது ஏறிய சர்க்கரை அப்புறம் இறங்கவே இல்லை, வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

ஹார்மோன் ஊசி போட்டுவிடலாமே என்றார் அண்ணன். டாக்டர் மறுத்தார். உடம்பு இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது, எடை 11 கிலோ இறங்கியிருக்கிறது, வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும் என்றார். இங்கே மலட்டுத்தன்மை என்ற சொல்லையும் பிரித்து வைக்க வேண்டும். விறைப்பு இல்லாதவருக்கு விந்தணு நன்றாக இருக்கலாம், ஹார்மோன் ஊசியால் விறைப்பு வந்தவருக்கு விந்தணு இல்லாமல் போகலாம். ஊசிக்குப் பதில் சர்க்கரைக்கு மருந்து, தினம் முட்டை பருப்பு, நடை. பதற்ற மாத்திரை இரண்டு மாதத்தில் மெல்லக் குறைந்து நின்றது. நெருக்கத்துக்கு இதயம் தாங்குமா என்று பார்க்க இரண்டு மாடி ஏறச் சொன்னார், மூச்சு முட்டாமல், நெஞ்சு வலிக்காமல் ஏறினால் போதும். அதற்கே அண்ணனுக்கு ஐந்து வாரம் பிடித்தது.

சில்டெனாஃபில் 50 மில்லிகிராம் எழுதினார், நைட்ரேட் எதுவும் சாப்பிடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. முதல் இரண்டு தடவை பலிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பிரியாணி சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். கொழுப்புச் சாப்பாடு இந்த மாத்திரையைத் தாமதிக்கும், அதோடு இது விறைப்புக்கு வழிவிடும் மருந்து, வேட்கையைக் கொண்டுவராது. ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரை மட்டும் ஒன்றும் செய்யாது. சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துக்கொள்வது இதற்குத்தான்: வேட்கை இல்லாதவருக்கு விறைப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவருக்கு மருந்துகூட வேலை செய்யவில்லை என்று இன்னும் நொறுக்கிவிடுகிறோம்.

திரும்பி வந்த வரிசையும் அப்படியேதான் இருந்தது. எட்டாம் மாதத்தில் வேட்கை வந்தது. அண்ணி தலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக வெட்கப்பட்டுச் சொன்னார். காலை விறைப்பு அடுத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி இல்லாமலே 394-க்கு ஏறியது. சர்க்கரை 6.8. குழாய் மட்டும் முழுசாகப் பழையபடி ஆகவில்லை, இன்றும் அரை மாத்திரை போட வேண்டியிருக்கிறது. போன மாதம் புது டாக்டரிடம் போனபோது, என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, "ஆசை நல்லா இருக்கு டாக்டர், விறைப்புதான் பாதியிலே தளர்ந்துடுது" என்று சொன்னாராம். டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கையில் எடுத்திருக்கிறார்.