"எங்கள் பிள்ளை" என்று எழுதியவர்

களுவாஞ்சிகுடியில் எனக்குத் தம்பி முறையான ஒருவன் வடமோடிக் கூத்தில் அருச்சுனன் வேடம் கட்டினான். மறுநாள் விடிய, மட்டக்களப்பு நகரத்திலிருக்கும் அண்ணன் ஒருவர் அவனுடைய படத்தை முகநூலில் போட்டு "எங்கள் மண்ணின் பெருமை, எங்கள் பிள்ளை" என்று எழுதியிருந்தார். தம்பி வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லி, அடுத்த கூத்துக்கு ஒரு மத்தளக்காரரைத் தெரியுமா என்று கேட்டான். நீலக் குறி உடனே விழுந்தது. மூன்றாம் நாள் ஒரு கட்டைவிரல் வந்தது, அவ்வளவுதான்.

"நான் என்ன பிழை உட்டன் எண்டு தெரியா அண்ணன்" என்றான் என்னிடம்.

அவன் ஒரு பிழையும் விடவில்லை. விடை அந்த "எங்கள்" என்ற சொல்லில் இருக்கிறது.

1976இல் வெளியான ஓர் ஆய்வில், ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வென்றால், அடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த உடுப்போடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வென்ற கதையில் "நாங்கள்" என்ற சொல் அதிகம் வந்தது, தோற்ற கதையில் குறைந்தது. இதில் எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். பேட்டிக்கு முன் ஒரு சிறு வினாவிடை வைத்து, சிலரிடம் நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று சொன்னார்கள். அப்படி மானம் கொஞ்சம் அடிபட்டவர்கள்தான் வெற்றியைச் சொல்லும்போது "நாங்கள்" என்பதை அதிகம் பிடித்துக்கொண்டார்கள்.

இதை இரவல் வெளிச்சம் என்று சொல்லலாம். அந்த வெளிச்சம் விழப் பார்வையாளர் வேண்டும். பதிவில் நூற்றுக்கணக்கானோர் பார்க்கிறார்கள், எழுதவோ ஒரு நிமிடம் போதும். தனி அரட்டையில் பார்க்க மூன்றாவது ஆள் இல்லை. அங்கே பதில் எழுத வேண்டும், மத்தளக்காரரைத் தேட வேண்டும், நாளைக்கும் பேச வேண்டும். வரவு இல்லாத இடத்தில் செலவு மட்டும் மிஞ்சுகிறது. அந்த அண்ணன் இதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் எழுதும்போது உண்மையாகவே நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

ஆனால் அரட்டையில் ஒதுங்குகிறவர் எல்லாரும் இந்த வகை இல்லை. கூச்சக்காரர் உண்டு, வேலை நெருக்கடியில் இருப்பவர் உண்டு. பிரித்தறியப் புகழ்ச்சியின் உள்ளே பார்க்கலாம். "வரவு ஆட்டத்தில் இரண்டாம் சுற்றில் தாளம் தப்பாமல் திரும்பினாய்" என்று எழுதுகிறவர் கூத்துக் களரியைப் பார்த்திருக்கிறார். "மண்ணின் பெருமை" என்பதை எந்தப் படத்துக்குக் கீழும் ஒட்டலாம். புகழப்பட்டவர் சறுக்கும்போது என்ன நடக்கிறது என்பதும் ஒரு தடயம். தோல்வியிலிருந்து சத்தமில்லாமல் விலகிக்கொள்வதையும் ஆய்வாளர்கள் பின்னர் கண்டிருக்கிறார்கள்.

அடுத்த கூத்து மழையில் பாதியில் நின்றது. அந்த அண்ணனின் பக்கத்தில் அன்று ஒரு கிரிக்கெட் வெற்றிப் பதிவு இருந்தது, "நாங்கள் வென்றோம்" என்று.