நொமினி: பின்னுரித்தாளியும் உரித்தாளியும் ஒருவரல்லர்

வங்கியில் கணக்குத் திறக்கும் படிவத்தில் ‘நொமினி’ என்று நாம் வாசிக்கும் சொல், பெயர் என்று பொருள்படும் ‘நோமென்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஒருவரால் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவர் என்பதே அதன் நேர்ப்பொருள். உறவு, இரத்தம், பரம்பரை ஆகிய எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. கணக்காளர் தம் மகளைக் குறிக்கலாம், நண்பரையும் குறிக்கலாம். இலங்கையில் இதற்குச் சட்ட அடிப்படையாக இருப்பது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 544 ஆம் பிரிவு. அதன்படி குறிக்கப்பட்டவர், கணக்காளர் இறந்தபின் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் தம் அடையாளத்தையும் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

இதற்கு நம் படிவங்களில் நெடுநாளாக வழங்கிவரும் தமிழ் ‘பின்னுரித்தாளி’ என்பதாகும். பின் என்பது ஒருவருக்குப் பின் என்றும், உரித்து என்பது உரிமை என்றும், ஆளி என்பது முதலாளி, கூட்டாளி என்பவற்றில் போல அதனை உடையவர் என்றும் பொருள் தரும். சொல் அழகாகவே அமைந்திருக்கிறது. ஆனால், மூலச் சொல்லில் இல்லாத உரிமையை அது உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. ஒருவருக்குப் பின் உரிமை உடையவர் யார் என்று மட்டக்களப்பில் எவரிடம் கேட்டாலும் மனைவி, பிள்ளைகள் என்றுதான் விடை வரும். அதனால், “பின்னுரித்தாளி எழுதாவிட்டால் என்ன, நான் அவருடைய மனைவிதானே” என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. ‘நியமனதாரர்’ அல்லது ‘பெயர் குறிக்கப்பட்டவர்’ என்பதே பொருளுக்கு நெருக்கமான தமிழ் என்பது என் கருத்து. மனைவி, பிள்ளைகள் போன்று சட்டத்தால் உரிமை பெறுவோருக்கு ‘உரித்தாளி’ என்ற சொல்லை விட்டுவைக்கலாம். பேச்சில் நாம் சொல்லும் ‘வாரிசு’ அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பொருளில் அதுவும் உரித்தாளியையே குறிக்கும்.

இந்த வேறுபாடு, நியமனதாரர் இல்லாத கணக்கில்தான் குடும்பத்தின் கைக்கு வருகிறது. பெயர் எழுதப்படாத கணக்கு மட்டுமன்றி, எழுதப்பட்டவர் கணக்காளருக்கு முன்பே இறந்துபோய்ப் புதிய பெயர் சேர்க்கப்படாத கணக்கும் நியமனதாரர் இல்லாத கணக்கே. அப்போது வங்கி, உரித்தாளிகள் யார், அவர்கள் எல்லோரும் முன்வந்திருக்கிறார்களா, வேறு எவரேனும் நாளை வந்து கேட்பாரா என்ற வினாக்களுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. அது நீதிமன்றம் அன்று. உரித்தைத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அதனால் ஒவ்வொரு வினாவுக்கும் ஓர் ஆவணத்தைக் கேட்கிறது.

உரித்தாளி யார் என்பதைச் சொல்லும் சட்டத்தைப் பற்றியும் இங்கே ஒரு மயக்கம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமை கிழக்கிலங்கைத் தமிழருக்குப் பொருந்தாது. மட்டக்களப்பில் முன்னாளில் தாய்வழி உரிமையைப் போற்றிய முக்குவர் சட்டம் வழங்கியது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபின் அது வழக்கொழிந்தது. இன்று விருப்பாவணம் எழுதாமல் இறந்த தமிழர் ஒருவரின் சொத்தில் பாதி அவருடைய வாழ்க்கைத்துணைக்கும், மறுபாதி பிள்ளைகளுக்குச் சம பங்காகவும் சேரும். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் விருப்பாவணமற்ற மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் வழியே மார்க்கப் பங்கீடு பொருந்துவதால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவியின் பங்கு எட்டிலொன்றாகும்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரின் குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்த மகன் கட்டாரில் வேலை செய்கிறார், கடைசி மகளுக்கு 15 வயது. சேமிப்புக் கணக்கில் 340,000 ரூபாயும் நிலையான வைப்பில் 800,000 ரூபாயும் இருக்கின்றன. இரண்டிலும் நியமனதாரர் இல்லை, விருப்பாவணமும் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது, மரண அத்தாட்சிப் பத்திரத்துடன் கிளைக்குச் சென்று எழுத்தில் அறிவிப்பதாகும். அறிவித்ததும் கணக்கு நிறுத்தப்படும், ஏ.ரி.எம். அட்டையும் செயலிழக்கும். அடக்கச் செலவுக்கென்று அதற்கு முன்பே அட்டையைப் போட்டுப் பணம் எடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. இறந்த நாளுக்குப் பிந்திய ஒவ்வோர் எடுப்பும் கணக்கறிக்கையில் திகதியுடன் நிற்கும். மற்றைய உரித்தாளிகளுக்கு அது எடுத்தவர் கணக்குச் சொல்ல வேண்டிய பணம். வங்கியில் இறந்தவர் பெயரில் கடன் இருந்தால், அதுவும் இந்தப் பணத்திலிருந்து கழிக்கப்படக்கூடும்.

அடுத்து வங்கி பார்ப்பது தொகையை அன்று, முழுச் சொத்தின் பெறுமதியை. விட்டுச்சென்ற சொத்து ஒரு குறித்த பெறுமதியைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு நடத்த வேண்டும். தாண்டாவிட்டால் வங்கி தன் நடைமுறைப்படி நேரடியாகக் கொடுக்கலாம். அண்மைக்கால நடைமுறையில் இந்த எல்லை 40 இலட்சம் ரூபாய். திருத்தச் சட்டத்தால் இது முன்பும் உயர்த்தப்பட்ட ஒன்றாகையால், விண்ணப்பிக்கும் நாளில் கிளையில் கேட்டுக்கொள்வதே சரி. நம் கமக்காரர் குடியிருந்த வளவும் வீடும் மனைவிக்குச் சீதனமாக எழுதப்பட்டவை. அவை அவர் சொத்தல்ல, கணக்கில் சேரா. படுவான்கரையில் அவர் பெயரில் உள்ள வயல் 18 இலட்சம், மோட்டார் சைக்கிள் 2 இலட்சம், வங்கிப் பணம் 11 இலட்சத்து 40 ஆயிரம் என்று கூட்டினால் 31 இலட்சத்து 40 ஆயிரம் வரும். எல்லைக்குள் நிற்கிறது. வீடும் அவர் பெயரில் இருந்திருந்தால், வங்கியில் ஒரு இலட்சமே கிடந்தாலும் நீதிமன்றப் படியேற வேண்டி வந்திருக்கலாம். வயலை மறைத்துச் சத்தியக்கடதாசி முடிப்பது பொய்ச் சத்தியமாகும்; அந்த வயலை விற்கவோ பிரிக்கவோ முனையும் நாளில் அது வெளியே வந்துவிடும்.

உரித்தாளிகள் யார் என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும். இறந்தவரின் நிரந்தர வதிவிடப் பிரிவின் உத்தியோகத்தரே அதைத் தர வேண்டும். பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது களுவாஞ்சிகுடியில் உள்ள மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகம். அறிக்கையில் எல்லா உரித்தாளிகளின் பெயரும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ளவரை ஊரில் இல்லை என்று விட்டுவிட்டால், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடு ஒப்பிடும்போது வங்கி அதைத் திருப்பிவிடும். உறவை மெய்ப்பிக்க மனைவியின் விவாக அத்தாட்சிப் பத்திரமும், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும், எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதிகளும் கேட்கப்படும். சுனாமியிலும் இடப்பெயர்விலும் மூலப்பத்திரங்களை இழந்தவர்கள் பதிவுள்ள பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் வாழ்ந்த இணையருக்கு இந்த இடந்தான் கடினமானது: மணவாழ்வை நீதிமன்றம் சாட்சியத்தால் ஏற்க வழியுண்டு, வங்கி அதைத் தானாக முடிவுசெய்யத் தயங்கும்.

விண்ணப்பங்கள் மிகுதியும் தேங்குவது பெயரில்தான். சேமிப்புப் புத்தகத்தில் இராசையா என்றும், மரணப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னே வராமல் ராசையா என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கமும் பழைய முகவரியும் அதில் இடம்பெற்றால் வங்கிக்கு ஐயம் தீரும். மரணத்தைப் பதியும் நாளிலேயே அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைச் சொல்லி எழுதுவித்தால் இந்தச் சிக்கல் எழாது. துக்க வீட்டிலிருந்து பதிவாளரிடம் போகிறவருக்கு அதை யாராவது நினைவூட்ட வேண்டும்.

இதன்பின் உரித்தாளிகள் கூட்டாக ஒரு சத்தியக்கடதாசி தருவார்கள். விருப்பாவணம் இல்லை, மரணசாசன வழக்கு எதுவும் இல்லை, சொத்தின் மொத்தப் பெறுமதி இவ்வளவு, தம்மைத் தவிர வேறு உரித்தாளிகள் இல்லை என்பன அதில் வரும். அத்துடன் வங்கி ஒரு பிணைமுறியையும் கேட்பதுண்டு: பின்னர் எவரேனும் உரிமை கோரி வென்றால், பெற்ற பணத்துக்குக் கையெழுத்திட்டவர்களே பொறுப்பு என்பது அதன் சாரம். பிணையாக ஒப்பமிட வருபவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நேர்மையன்று.

பங்கு இவ்வாறு அமையும். 1,140,000 ரூபாயில் பாதியான 570,000 மனைவிக்கு. மறுபாதி மூன்று பிள்ளைகளுக்கும் தலா 190,000. கட்டாரில் உள்ள மகன் தம் பங்கைத் தாய்க்கு விட்டுக்கொடுக்க விரும்பினால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் சான்றுப்படுத்திய சம்மதக் கடிதத்தையோ அற்றோணித் தத்துவத்தையோ அனுப்ப வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த கையெழுத்துப் படத்தை வங்கி ஏற்காது. 15 வயது மகளின் பங்கை அவர் சார்பில் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. அது பொதுவாக மகளின் பெயரிலேயே 18 வயது வரை வைப்பிலிடப்படும். அதற்கு முன் எடுக்க வேண்டுமாயின் நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

உரித்தாளி ஒருவர் ஒப்பமிட மறுத்தாலோ, மேற்சொன்ன எல்லை தாண்டினாலோ, இறந்தவர் வாழ்ந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் சட்டத்தரணி மூலம் மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் பத்திரிகையில் அறிவித்தல் இடச்செய்து, ஆட்சேபம் வந்தால் விசாரித்து, நிருவாகக் கடிதத்தை வழங்கும். அதில் பெயருள்ள நிருவாகியிடம் வங்கி பணத்தைக் கொடுக்கும். உரித்தாளிகளுக்குப் பிரித்து, நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டும் கடமை அவருடையது. வழக்கு நீள்கிறதே என்று அஞ்சிக் கணக்கை அப்படியே விட்டுவிடுவோரும் இருக்கிறார்கள். 10 ஆண்டுகள் எவ்வித இயக்கமும் இல்லாத வைப்பு, கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் உரித்து அழிவதில்லை. அதே கிளையில், இதே ஆவணங்களுடன் கேட்கலாம்.