காலி பாட்டிலுக்கு டெபாசிட்: விநியோகஸ்தரிடம் உங்கள் கணக்கு சரியாக இருக்கிறதா?

திருப்பிக் கொடுக்கும் கண்ணாடி பாட்டிலில் பானம் விற்கும் விநியோகஸ்தர், பானத்தின் விலையோடு டெபாசிட் என்று ஒரு தொகையும் வாங்குகிறார். காலி பாட்டில் வந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். எனவே அது அவருடைய வருமானம் அல்ல. கடைக்காரருக்கு அவர் பட்டிருக்கும் கடன். அவருடைய கணக்குப் புத்தகத்திலும் அது பொறுப்பு என்ற பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ரசீதில் பானத்தின் விலை ஒரு வரியிலும் டெபாசிட் தனி வரியிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிய ரசீதை ஏற்காதீர்கள். பிறகு எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்பதற்கு உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது.

டெபாசிட் பாட்டிலுக்கு மட்டும் அல்ல, அது வரும் கிரேட்டுக்கும் உண்டு. ஒரு கிரேட்டில் 24 பாட்டில்கள், பாட்டிலுக்கு 2, கிரேட்டுக்கு 52 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். நிறைந்த ஒரு கிரேட்டின் டெபாசிட் 100. கடை முதன்முதலாக 10 கிரேட் எடுக்கும்போது டெபாசிட்டாக 1,000 கட்டுகிறது.

அடுத்த முறை வண்டி வரும்போது கடை மேலும் 10 கிரேட் எடுக்கிறது. 8 காலி கிரேட்டுகளில் 180 பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கிறது. அவற்றில் 3 பாட்டில்களின் வாய் உடைந்திருப்பதால் வண்டிக்காரர் ஒதுக்கிவிடுகிறார். மீண்டும் நிரப்ப முடியாத பாட்டிலை மறுப்பது நியாயம்தான். ஏற்றவை 177. பாட்டிலுக்காக 354, கிரேட்டுக்காக 416, ஆக 770 கடைக்கு வரவு. புதிய சரக்கின் டெபாசிட் 1,000. எனவே கடை இப்போது கட்ட வேண்டியது 230 மட்டும்.

விநியோகஸ்தரிடம் கடையின் பணம் இப்போது 1,230 இருக்கிறது. இது சரியா என்பதை வேறு வழியிலும் பார்க்கலாம். கடைக்கு இதுவரை வந்தவை 20 கிரேட், 480 பாட்டில். திரும்பிப் போய் ஏற்கப்பட்டவை 8 கிரேட், 177 பாட்டில். கடையின் பெயரில் நிற்பவை 12 கிரேட், 303 பாட்டில். கிரேட்டுக்கு 624, பாட்டிலுக்கு 606. கூட்டினால் அதே 1,230. ஒவ்வொரு முறை வண்டி வந்து போன பிறகும் இந்த இரண்டு வழிகளும் ஒரே தொகையைத் தர வேண்டும்.

தராவிட்டால் பெரும்பாலும் காரணம் எண்ணிக்கைதான். வண்டிக்காரர் அவசரத்தில் கிரேட்டை மட்டும் எண்ணி, உள்ளே 24 இருப்பதாகவே எழுதிவிடுவார். எட்டு கிரேட்டுக்கு 192 என்று எழுதியிருந்தால் அன்றைக்குக் கடைக்கு லாபம்போலத் தெரியும். கிடங்கில் மறுபடி எண்ணும்போது அது குறைக்கப்படும். அந்தக் குறைப்பு கடைக்காரருக்குத் தெரியாமலே அடுத்த ரசீதில் கலந்துவிடும். ஆகவே ஏற்ற பாட்டில், மறுத்த பாட்டில், கிரேட் ஆகிய மூன்று எண்களும் தனித்தனியாக எழுதப்பட்ட ரசீதில் இருவரும் கையெழுத்திடுவது அவசியம்.

கடையில் யாருக்கு நஷ்டம் என்பதையும் பார்த்துவிடுவோம். அந்த எட்டு கிரேட்டுகளில் 12 பாட்டில்கள் குறைந்தன அல்லவா? அவை வாடிக்கையாளர் வீடுகளில் இருந்தால், கடை அவர்களிடம் டெபாசிட் வாங்கியிருக்கும் வரை நஷ்டம் இல்லை. வாய் உடைந்த 3 பாட்டில்கள் கடையிலேயே உடைந்தவை என்றால் அந்த 6 கடையின் நஷ்டம். வாடிக்கையாளர் கொண்டுவரும்போதே பாட்டிலின் வாயை விரலால் தடவிப் பார்த்து வாங்கினால் இதைத் தவிர்க்கலாம்.

டெபாசிட் உயரும் நாள்தான் தகராறு மிகுந்த நாள். பழைய விகிதத்தில் பணம் கட்டிய பாட்டில் புதிய விகிதத்தில் திரும்பி வந்தால் வித்தியாசத்தை யார் ஏற்பது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2017 ஏப்ரல் 1 அன்று தொகை 5 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டானபோது, லேபிளில் 5 என்று அச்சிட்டிருந்தாலும் 10 சென்ட் தர வேண்டும் என்பதே விதி. உங்கள் ஒப்பந்தத்தில் இது இல்லையென்றால் இப்போதே எழுதி வாங்குங்கள். விகிதம் மாறும் நாளில் இருப்பை இருவரும் சேர்ந்து எண்ணுங்கள்.

திரும்பி வராத பாட்டில்களின் பணம் யாருக்கு என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது. ஓரிகனில் அது விநியோகஸ்தர்களிடமே தங்குகிறது. மிச்சிகனில் நான்கில் மூன்று பங்கு மாநில அரசுக்கும் கால் பங்கு சில்லறைக் கடைகளுக்கும் போகிறது. பணம் விநியோகஸ்தரிடமே தங்கும் இடத்தில், காலி பாட்டிலை எடுக்க வண்டி தாமதமாக வருவது அவருக்கு நஷ்டமே இல்லை. அங்கே ஒப்பந்தத்தில், எத்தனை நாளுக்குள் வந்து எடுக்க வேண்டும் என்பதையும், கணக்கை முடிக்கும்போது மீதித் தொகையை எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பதையும் எழுத வைப்பது கடைக்காரரின் பொறுப்பு.