வினாத்தாளில் பக்கம் இல்லையா, குறிப்பு தவறா? தேர்வாணையருக்கு எழுத வேண்டிய விதம்

போன நவம்பர் தேர்வில் என் அக்கா மகளுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். அவள் காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்பு படிக்கிறாள். காலை 10 மணிக்குத் தேர்வு, மூன்று மணி நேரம், 75 மதிப்பெண். பகுதி அ, பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள். பகுதி ஆ, இது அல்லது அது என்று ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். பகுதி இ, ஐந்தில் மூன்றுக்குப் பதில், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

பகுதி ஆவின் தலைப்பில் "எவையேனும் மூன்று வினாக்களுக்கு விடையளி" என்று அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே (5 × 5 = 25) என்றும் இருந்தது. பிள்ளை எழுத்தை நம்பி மூன்றை மட்டும் எழுதிவிட்டு, 11.40 மணிக்கு அடுத்த தாளைப் புரட்டினாள். அங்கே பகுதி இ இல்லை. முதல் தாளே இன்னொரு பிரதியாக அதில் பின்னடிக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டிலிருந்து வாங்கிய ஒன்பது பேருக்கும் இதே கதி. பக்கத்து அறைத் தாளை நகலெடுத்து வந்து கொடுத்தபோது மணி 12.05. கூடுதல் நேரம் தரவில்லை.

சாயங்காலம் அவள் அழுதுகொண்டே வந்து "சித்தி, நான் என்ன செய்வது?" என்று கேட்டாள். கல்லூரி அலுவலகத்தில் தேர்வுப் பிரிவு வேலையைப் பல வருடம் பார்த்தவள் நான். அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினோம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு விஷயத்தைப் புரியவைக்க வேண்டியிருந்தது.

நடந்தது ஒரு குறை இல்லை, இரண்டு. தவறான குறிப்பு எல்லாத் தாளிலும் இருக்கிறது. அந்தப் பாடத்தை எழுதிய மற்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதே பாதிப்புதான். வினாத்தாளை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், சாட்சி தேவையில்லை. அதற்கான முடிவை மதிப்பீட்டுக்கு முன் பாடக்குழுவும் தேர்வாணையரும் எல்லோருக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். பக்கம் விட்டுப்போனது அப்படியில்லை. பல்கலைக்கழகத்தில் இருக்கும் மூலத்தாள் முழுதாகத்தான் இருக்கும். அந்த அறையில், அந்த ஒன்பது பேருக்கு மட்டும் நடந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதினால், "வினாத்தாள் சரியாக இருக்கிறது" என்ற ஒரு வரிப் பதிலில் இரண்டும் போய்விடும்.

அறையில் நடந்ததற்குச் சாட்சி என்றால் முதன்மைக் கண்காணிப்பாளர் அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அறிக்கைதான். அதனால் பிள்ளைகள் அறையை விட்டு வருவதற்கு முன்னால், எந்தப் பதிவெண்களுக்குப் பக்கம் இல்லை, எத்தனை மணிக்குச் சொன்னார்கள், எத்தனை மணிக்கு மாற்றுத் தாள் வந்தது என்பதை அதில் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். குறையுள்ள அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், அதுவும் அறிக்கையோடு வைக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கிடைத்தால் பின்னைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். விடைத்தாளில் மட்டும் "எனக்குப் பக்கம் வரவில்லை, கருணை காட்டுங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். விடைத்தாளில் வேண்டுகோள் எழுதுவதை முறைகேடாக எடுத்துக்கொண்டு, பிள்ளையின் மேலேயே நடவடிக்கை வரலாம்.

நாங்கள் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"பொருள்: வினாத்தாளில் அச்சுப்பிழையும் பக்கக் குறைவும் – நடவடிக்கை வேண்டுதல்.

ஐயா, மேற்கண்ட குறியீடுள்ள வினாத்தாளில், முற்பகல் தேர்வில், கீழ்க்கண்ட இரண்டு குறைகள் இருந்தன.

முதலாவது: பகுதி ஆவில் ஐந்து வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டிய இடத்தில் 'எவையேனும் மூன்று' என்று அச்சாகியுள்ளது. அதே வரியில் 5 × 5 = 25 என்றும் உள்ளது. குறிப்பைப் பின்பற்றி மூன்று வினாக்களுக்கு மட்டும் விடையளித்தவர்களுக்கு அதிகபட்சம் 15 மதிப்பெண்ணே கிடைக்கும். இவர்களது பகுதி ஆ மதிப்பெண்ணை 25க்கு விகிதப்படி மாற்றியோ, குழு பொருத்தமெனக் கருதும் வேறு முறையிலோ மதிப்பிட வேண்டுகிறோம்.

இரண்டாவது: இணைப்பில் உள்ள ஒன்பது பதிவெண்களுக்குரிய தாள்களில் பகுதி இ (வினா 16 முதல் 20 வரை) இல்லை. 11.40 மணிக்கு அறைக் கண்காணிப்பாளரிடம் தெரிவித்தோம். 12.05 மணிக்கு நகல் வந்தது. கூடுதல் நேரம் வழங்கப்படவில்லை. முதன்மைக் கண்காணிப்பாளரின் அறிக்கையைப் பெற்று, எங்களுக்கு மட்டும் மறுதேர்வோ தகுந்த நிவாரணமோ வழங்க வேண்டுகிறோம்."

இதில் யாரையும் குறை சொல்லவில்லை, மதிப்பெண் போடச் சொல்லிக் கெஞ்சவும் இல்லை. பாடத்தின் பெயர், வினாத்தாள் குறியீடு, தேதி, மையத்தின் எண், பதிவெண்கள் ஆகியவை தலைப்பில் வந்துவிட்டன. ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். இணைப்பாகக் குறையுள்ள தாளின் நகல், முழுத்தாளின் நகல், ஹால் டிக்கெட் நகல்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

கடிதம் கல்லூரி முதல்வர் வழியாகப் போவதுதான் முறை. ஆனால் அங்கே மேசையில் நாலு நாள் கிடந்துவிட்டால் மதிப்பீடு ஆரம்பித்துவிடும். ஆகவே அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு, இன்னொன்றை "முன்நகல்" என்று மேலே எழுதி, மறுநாள் காலையிலேயே தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் தேர்வாணையருக்கு அனுப்பினோம். முடிவுகள் வந்த பிறகு அனுப்பினால் இதை மறுமதிப்பீட்டு விண்ணப்பமாகத்தான் பார்ப்பார்கள். மறுமதிப்பீடு எழுதிய விடையை மறுபடி திருத்துவது மட்டுமே. எழுதவே வாய்ப்புக் கிடைக்காத கேள்விக்கு அதில் எதுவும் கிடையாது.

பதிலே வராவிட்டால்? பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி கல்வி நிறுவனத்தின் குறைதீர் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் குழு கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தந்து, அதன் நகலை நமக்கும் அனுப்ப வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால், முடிவு கையில் கிடைத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். மறுமதிப்பீடு, மறுகூட்டல் கேட்டு வரும் மேல்முறையீடுகளைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். தேர்வு முடிவைக் கணிசமாகப் பாதித்த குறிப்பிட்ட ஒரு முறைகேடு, அல்லது பாகுபாடு, சுட்டிக்காட்டப்பட்டால் மட்டுமே எடுப்பார். "மதிப்பெண் குறைந்துவிட்டது" என்பது அதில் வராது. "30 மதிப்பெண் பகுதிக்கான கேள்விகள் 12.05 வரை என் கையில் இல்லை" என்பது வரும். முதல் கடிதத்திலேயே மணியையும் மதிப்பெண்ணையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

இதோடு கூடவே இன்னொரு வேலையும் செய்யலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, அந்தத் தேர்வு நாளில் நம் மையத்திலிருந்து வந்த முதன்மைக் கண்காணிப்பாளர் அறிக்கையின் நகலையும், வினாத்தாள் பிழை பற்றி எடுத்த முடிவின் நகலையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முடிவு வந்த பிறகு தங்கள் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையும் மாணவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பகுதி ஆவுக்கு எப்படி மதிப்பெண் போட்டார்கள் என்பதை அந்த விடைத்தாள் நகலில் நேரே பார்த்துவிடலாம்.