ரசத்தில் கொத்தமல்லி போட்டால் ஏன் கத்துகிறார்?

விபத்தில் உடைந்த கால் கூடி, மாவுக்கட்டைப் பிரித்து, ஆள் நடக்கத் தொடங்கிய பிறகுதான், விபத்தின் அதிர்ச்சி மனதில் தங்கிவிட்டவர்கள் மனநல மருத்துவர்களான எங்களிடம் வருகிறார்கள். அதுவும் நேராக வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று இதய மருத்துவரிடம் போவார்கள். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை வாங்குவார்கள். 'பயந்த கோளாறு' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, நடுவே ஒரு முறை மந்திரித்தும் ஆகியிருக்கும். பிறகுதான் மனநலப் பிரிவு.

ஒரு லோடு வேன் ஓட்டுநர் அப்படித்தான் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இரவில் காய்கறி ஏற்றிக்கொண்டு போகும்போது, மழையில் எதிரே தப்பான பக்கத்தில் வந்த லாரி மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் அங்கேயே இறந்துவிட்டான். நசுங்கிய கேபினுக்குள் கால் மாட்டிக்கொண்ட இவரை வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது. அதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் சொன்ன புகார் தூக்கமின்மை ஒன்றுதான். விபத்தைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு டாக்டர்" என்று முடித்துக்கொண்டார்.

மனைவிதான் வேறு கதை சொன்னார். "முன்னாடியெல்லாம் கோபமே வராது இவருக்கு. இப்ப சாயங்காலம் நான் சமைக்கிறப்ப காரணமே இல்லாம எரிஞ்சு விழுறாரு. தட்டைத் தூக்கி வீசிட்டு வாசலுக்கு ஓடிப்போயிடுறாரு. வேர்த்துக் கொட்டுது." எப்போதுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, ரசம் வைக்கிற நாளில்தான் என்றார். அன்றைக்கு வண்டியில் என்ன லோடு என்று கணவரைக் கேட்டேன். தக்காளி, முட்டைக்கோஸ், மேலே கொத்தமல்லிக் கட்டு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை நடுங்கத் தொடங்கியது. நசுங்கிய கொத்தமல்லி வாசனைக்கு நடுவில்தான் அவர் அந்தப் பையனின் பக்கத்தில் மாட்டிக்கிடந்தார். எட்டு மாதமாக அவருக்கே அந்தத் தொடர்பு தெரியவில்லை.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், சுருக்கமாக பி.டி.எஸ்.டி., என்பதன் நடு இடம் இது. 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. அதற்குப் பெரிய காரணம் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். ஆனால் இதற்குப் போர்தான் வேண்டும் என்றில்லை. சாலை விபத்து, பாலியல் வன்முறை, தீ, வெள்ளம், கண்ணெதிரே நடந்த ஒரு சாவு, எதுவும் போதும்.

மூளைக்குள் நடப்பதை இந்த ஓட்டுநரை வைத்தே பார்க்கலாம். காதுக்கு உட்புறமாக, இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை முகர்ந்து உடலை உசுப்புவது அதன் வேலை. மற்ற புலன்களின் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாக வருகிறது. வாசனை மட்டும் மூக்கிலிருந்து அமிக்டலாவுக்குக் கிட்டத்தட்ட நேரடியாகவே போய்விடுகிறது. அதனால்தான் கொத்தமல்லி என்று மனதுக்குத் தட்டுப்படும் முன்பே அவருக்கு வேர்க்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, கால் வாசலைப் பார்த்து ஓடுகிறது. காரணம் தெரியாத படபடப்பைக் கோபம் என்றுதான் அவரும் வீட்டாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அமிக்டலாவுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருப்பது ஹிப்போகாம்பஸ். ஒரு சம்பவம் எங்கே, எப்போது, எந்த வரிசையில் நடந்தது என்று சேர்த்துக் கட்டி வைப்பது அதன் வேலை. அடுப்படிக் கொத்தமல்லி வேறு, அந்த ராத்திரிக் கொத்தமல்லி வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியதும் அதுதான். உயிர்போகும் நேரத்தில் அமிக்டலா முழு வேகத்தில் இயங்க, ஹிப்போகாம்பஸின் பதிவு சரியாக அமைவதில்லை என்பது ஒரு விளக்கம். வெளிச்சம், வாசனை, முனகல் என்று துண்டுகள் ஆழப் பதிந்துவிடுகின்றன. அவற்றைக் கட்டும் இடமும் காலமும் தளர்ந்துபோகின்றன. இந்த விளக்கத்தின் சில பகுதிகளில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் நோயாளிகள் சொல்வதோடு இது நன்றாகப் பொருந்துகிறது. பழையதை நினைத்துப் பார்ப்பதாக அவர்கள் சொல்வதில்லை. "இப்ப நடக்குது டாக்டர்" என்கிறார்கள். மூன்றாவதாக, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி அமிக்டலாவை 'போதும், அமைதியாக இரு' என்று அடக்க வேண்டும். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களின் மூளைப் படங்களில் பல ஆய்வுகளிலும் அந்த அடக்கும் வேலை குறைவாகவும் அமிக்டலாவின் எதிர்வினை கூடுதலாகவும் தெரிகிறது.

இப்போது சமூக ஊடகத்தில் அடிக்கடி சுற்றும் ஒரு செய்திக்கு வருகிறேன்: 'அதிர்ச்சி உங்கள் மூளையைச் சுருக்கிவிடும்.' இதைப் படித்துவிட்டு பயந்துபோய் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்கு, ஒரு குழுவாகப் பார்த்தால், ஹிப்போகாம்பஸ் சற்றுச் சிறிதாக இருப்பது உண்மைதான். கேள்வி, எது முதலில் என்பது. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவர் வியட்நாம் போருக்குப் போயிருந்தார், மற்றவர் போகவில்லை. அப்படிப்பட்ட ஜோடிகளின் மூளையை அளந்து பார்த்தார்கள். போருக்குப் போய்க் கடுமையான பி.டி.எஸ்.டி. வந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. போரையே பார்க்காத அவர்களுடைய இரட்டைச் சகோதரர்களுக்கும் அதே அளவுக்குச் சிறிதாக இருந்தது. அதாவது, குறைந்தபட்சம் ஒரு பகுதியாவது, சிறிய ஹிப்போகாம்பஸ் நோயின் காயம் அல்ல, நோய் வருவதற்கு முன்பே இருந்த ஒரு பலவீனம். அதிர்ச்சியால் மாற்றமே வராது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் 'சுருங்கிவிட்டது, இனி அவ்வளவுதான்' என்று யாரும் முடிவுகட்ட இடமில்லை. மேலும், இந்த வித்தியாசம் பலரின் சராசரியில் தெரிவது. ஒரு தனி ஆளின் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து இவருக்கு பி.டி.எஸ்.டி. என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எடுங்கள். இதற்காக மட்டும் அந்தச் செலவு வேண்டாம்.

நோயை அறிவது பேச்சில்தான். விரும்பாமலேயே பாய்ந்து வரும் நினைவோ கெட்ட கனவோ, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் மனம் கசந்துபோவது, எந்நேரமும் விழிப்பாகத் திடுக்கிடுவது ஆகிய நான்கும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் குலைக்கிறதா என்று பார்க்கிறோம். முதல் சில வாரங்கள் யாருக்கும் தூக்கம் கெடும். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே அடங்கிவிடும்.

அடங்காதவர்களை அப்படியே பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் தவிர்ப்புதான். ஓட்டுநர் ரசத்தைத் தவிர்த்தார், நெடுஞ்சாலையைத் தவிர்த்தார், பையனின் வீட்டுத் தெருவைத் தவிர்த்தார், தூக்கத்துக்கு ஒரு குவார்ட்டர் போட்டார். ஒவ்வொன்றும் அன்றைய இரவுக்கு நிம்மதி தந்தது. ஆனால் கொத்தமல்லி வாசனையில் அரை மணி நேரம் உட்கார்ந்தும் எதுவும் நடக்கவில்லை என்பதை அவர் மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை. மது முன்னிரவில் தூக்கம் கொடுக்கும். பின்னிரவில் அது தெளியும்போது தூக்கம் கலைந்து, கனவுகள் இன்னும் மூர்க்கமாக வரும்.

எனவே சிகிச்சை, நினைவை மறக்கவைப்பது அல்ல, அதற்குத் தேதியும் இடமும் போட்டுக் கொடுப்பது. வாரம் ஒரு முறை, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை நடப்பதுபோலவே முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். நடுநடுவே பயம் எவ்வளவு என்று 0 முதல் 100 வரை ஒரு எண் சொல்வார். அதைப் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்கச் சொன்னோம். முதல் இரண்டு வாரம் கனவு கூடியது. இது சிலருக்கு நேரும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இங்கேதான் சிகிச்சையை விட்டுவிட்டுப் போவார்கள்.

கதையில் ஒரு இடத்தில் மட்டும் எண் இறங்கவே இல்லை: "நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிச்சேன். அதான் அவன் பக்கம் அடிபட்டுச்சு." அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தோம். லாரி விளக்கு கண்ணில் அடித்தது, இடது பக்கம் பாலத்துச் சுவர் இருந்தது, ஒடித்தது, மோதியது என்று வரிசை மெல்லத் தெளிவானது. இடது பக்கம் ஒடிக்க இடமே இல்லை என்பதை அவரே ஒரு நாள் சொன்னார். குற்றவுணர்ச்சி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் அந்த இடத்தைத் தாண்டிப் பேச முடிந்தது.

இதோடு சேர்த்து, வீட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மழை இல்லை, டியூப்லைட் எரிகிறது, பிள்ளை பாடம் படிக்கிறாள், என் கால் அசைகிறது. ஹிப்போகாம்பஸ் செய்யத் தவறிய பிரிவினையை இது கையால் செய்துகொடுக்கிறது. வண்டி விஷயத்திலும் அப்படியே: நின்ற வண்டியில் உட்காருவது, என்ஜினை ஓடவிடுவது, பகலில் ஓட்டுவது என்று படிப்படியாக. இரவு லோடு இப்போதும் எடுப்பதில்லை. ரசம் சாப்பிடுகிறார்.

மருந்தும் கொடுத்தோம். செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கு ஏற்பக் கூட்டினோம். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் உடனே அமைதி தரும், அதனால்தான் நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகின்றன. ஆனால் பி.டி.எஸ்.டி.க்கு அவை பலனளிப்பதில்லை, பழக்கமும் ஆகிவிடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும்.

வீட்டில் அந்த நினைவு பாய்ந்துவிட்டால், பின்னாலிருந்து பிடிக்காதீர்கள், உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டு, முன்னால் வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, எந்த வீட்டில் இருக்கிறார், பக்கத்தில் யார் என்று நிதானமாகச் சொல்லுங்கள். விபத்து நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால், நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எல்லோரையும் உடனே உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. அவராகப் பேசினால் கேளுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, அல்லது சாக வேண்டும் என்ற பேச்சு எப்போது வந்தாலும், காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். போகும்போது, எந்த வாசனையில், எந்தச் சத்தத்தில், எந்த நேரத்தில் இது வருகிறது என்று ஒரு வாரம் குறித்த தாள் ஒன்று கையில் இருந்தால் நல்லது. அதை எழுதுவதற்கு நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்தான் பெரும்பாலும் பொருத்தமான ஆள்.