ஃபயர்வாலை அணைக்கும் முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்

"நான் எழுதும் வலைத்தளம் என் லேப்டாப்பில் ஓடுகிறது, போனில் மட்டும் திறக்கவில்லை. ஃபயர்வாலைக்கூட அணைத்துப் பார்த்துவிட்டேன்." இந்த வாரமும் இதே புகார். தயவுசெய்து அதை முதலில் அணைக்காதீர்கள். இப்படி அணைத்த பலர் திரும்பப் போடுவதே இல்லை.

ஃபயர்வால் வருகிற இணைப்பைத் தடுக்கலாம், விடலாம், அவ்வளவுதான். உங்கள் சர்வர், அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருந்தால், வைஃபை வழியாக வரும் இணைப்பை வாங்கிக்கொள்ள அங்கே யாருமே இல்லை. காவலாளியை அனுப்பிவிட்டால் மட்டும் பூட்டிய கதவு திறந்துவிடுமா? வைஃபையை மாற்றினாலும் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் இதே கதைதான்.

இந்த வாரம் வந்தது ஜாங்கோ. புகார் சொன்னவரை லினக்ஸில் இதை ஓட்டச் சொன்னேன்:

```
ss -ltn
```

8000 போர்ட் இருந்த வரி இது:

```
LISTEN 0 10 127.0.0.1:8000 0.0.0.0:*
```

"0.0.0.0 இருக்கிறதே, எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது?" என்றார். அது எதிர்முனைக்கான பத்தி; காத்திருக்கும் எல்லா IPv4 போர்ட்டுக்கும் அப்படித்தான் காட்டும். பார்க்க வேண்டியது அதற்கு இடப்பக்கம் இருப்பதை.

சரி, சர்வரை நிறுத்திவிட்டு, கணினியின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும்படி இப்படித் தொடங்கினோம்:

```
python manage.py runserver 0.0.0.0:8000
```

போனில் `0.0.0.0` என்று அடிக்கக் கூடாது. `localhost` என்றும் அடிக்கக் கூடாது, அது அந்தப் போனையே குறிக்கும். `hostname -I` காட்டிய 192.168.1.23 என்பதை அடித்தார். இப்போது 400 பிழை, `DisallowedHost`. மனிதர் சோர்ந்துவிட்டார். எனக்கோ நிம்மதி, ஏனென்றால் பதில் சொன்னது ஜாங்கோ. இணைப்பு வந்து சேர்ந்துவிட்டது. `ALLOWED_HOSTS` பட்டியலில் அந்த முகவரியைச் சேர்த்ததும் பக்கம் திறந்தது.

பக்கம் திறந்தும் தரவு வராவிட்டால் உங்கள் ஜாவாஸ்கிரிப்டில் `http://localhost:8000` என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். அந்தக் கோரிக்கையும் போனுக்குள்ளேயேதான் சுற்றும்.

ஃபயர்வால் மேல் சந்தேகப்பட ஓர் இடம் உண்டு. இடப்பக்கம் 0.0.0.0 என்று சரியாக இருந்தும் போன் சுற்றிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆனால் அங்கே பாருங்கள். அப்போதும் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்தால் போதும். விருந்தினர் வைஃபை என்றால் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவே விடாமல் வைத்திருக்கலாம்.

இயல்பாகவே 127.0.0.1 என்று வைத்திருப்பது உங்களைப் படுத்துவதற்காக அல்ல. டீபக் நிலையில் ஒரு பிழை வந்தால் ஜாங்கோ உங்கள் நிரல் வரிகளையும் செட்டிங்ஸையும் திரையில் கொட்டும். ஃபிளாஸ்க்கின் டீபக்கர் பின் எண் தெரிந்த எவரையும் உங்கள் கணினியில் கோடே ஓட்டவிடும். ஆகவே பொது வைஃபையில் 0.0.0.0 வேண்டாம். சோதனை முடிந்ததும் சர்வரை நிறுத்தி, முகவரி கொடுக்காமல் வெறும் `runserver` என்று மறுபடி தொடங்குங்கள்.